பசங்க போட்டோவ வச்சு கார்ட்டூன் முகம் வரையப் போறீங்களா? வீட்டுக்கு அனுப்புற அனுமதிக் கடிதத்த இப்படி எழுதுங்க

புதுசா வேலைக்குச் சேர்ந்த டீச்சர்ஸ் ரெண்டு பேரு இந்த வருஷம் எங்கிட்ட இதையே கேட்டாங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். விஷயம் இதுதான். நாலாவது, அஞ்சாவது படிக்கிற பசங்களோட முகத்த போட்டோ எடுத்து, கறுப்பு வெள்ளையில பிரிண்ட் போட்டு, அதுக்கு மேல டிரேசிங் பேப்பர் வச்சு கோடு இழுத்து, அப்புறம் கார்ட்டூன் மாதிரி கலர் அடிக்கிற ஒரு வாரத்து வேலை. டிராயிங் வராதுன்னு ஒதுங்கி உக்கார்ற பையன்கூட இதுல தன் முகத்த தானே வரைஞ்சிடுவான், அதனால எனக்கு ரொம்பப் பிடிச்ச ப்ராஜெக்ட். ஆனா போட்டோ எடுக்கணும்னா வீட்டுல கேட்டாகணும், அந்தக் கேக்குற பேப்பர்ல தான் நெறைய பேரு தடுக்கி விழுறாங்க.

நானும் முதல் தடவை விழுந்திருக்கேன். தூய தமிழ்ல எழுதணும்னு ஆசப்பட்டு, கார்ட்டூனுக்கு அகராதியில என்ன இருக்கோ அதையே போட்டு, "தங்கள் குழந்தையின் கேலிச்சித்திரம் வரைய அனுமதி வேண்டுகிறோம்"னு அனுப்பிட்டேன். மறுநாள் காலையில பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு அம்மா வந்து நின்னாங்க, கையில அந்தப் பேப்பர். "டீச்சர், எம் பொண்ணுக்குப் பல்லு முன்னாடி நீட்டிட்டு இருக்குன்னு ஏற்கனவே கிண்டல் பண்றாங்க, இப்ப நீங்களும் கேலி பண்ணி வரையப் போறீங்களா?"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. கேலிச்சித்திரம்னா படிக்கிறவங்களுக்குக் கேலி தான் முதல்ல கண்ணுல படும். அதுக்கப்புறம் நான் "கார்ட்டூன் போன்ற முகப்படம்"னு தான் எழுதுறேன், கூடவே யாரோட தோற்றத்தையும் பெருசுபடுத்தி வரைய மாட்டோம்னு ஒரு வரியும் சேத்துடுவேன். கார்ட்டூன்னா மூக்க பெருசாக்குறது, பல்லத் துருத்துறதுன்னு நெனைக்கிற பெற்றோர் தான் அதிகம், அந்த ஒரு வரி இருந்தா அவங்க பயம் போயிடும்.

பேப்பர் எழுதுறதுக்கு முன்னாடி போட்டோ போற வழிய முடிவு பண்ணுங்க

எல்லாரும் தலைகீழா பண்றாங்க. முதல்ல கடிதம் டைப் பண்ணிட்டு, கையெழுத்து வாங்கிட்டு, அப்புறம் தான் எந்த போன்ல எடுக்கலாம், எங்க பிரிண்ட் போடலாம்னு யோசிக்கிறாங்க. அப்ப நீங்க வாங்குன கையெழுத்துக்கும் நீங்க பண்ணப் போறதுக்கும் சம்பந்தமே இருக்காது. போட்டோ எடுக்குற நிமிஷத்துலருந்து அழிக்கிற நிமிஷம் வரைக்கும் அது எங்கெங்க போகுதுன்னு ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க, அது தெளிவாயிடுச்சுன்னா கடிதம் பத்து நிமிஷ வேலை.

முதல்ல போன். ஸ்கூலுக்குன்னு ஒரு போனோ கேமராவோ டேப்லெட்டோ இருந்தா அதுலயே எடுங்க. இல்ல, உங்க சொந்த போன் தான்னா, கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன்ல இருக்கான்னு பாருங்க, நெறைய பேருக்கு அது ஆன்ல தான் இருக்கும். அப்படின்னா நீங்க எடுத்த உடனே முப்பது பசங்களோட முகமும் உங்க சொந்த அக்கவுன்ட்டுக்குப் போயிடும், உங்க வீட்டுல வேற யாராவது அதே அக்கவுன்ட்ட வேற போன்ல வச்சிருந்தா அங்கயும் தெரியும். எடுக்குறதுக்கு முன்னாடியே பேக்கப்ப ஆஃப் பண்ணிடுங்க, கேமராவுல லொகேஷன் ஆப்ஷனையும் ஆஃப் பண்ணிடுங்க, ஏன்னா அது ஆன்ல இருந்தா எடுத்த இடம் அந்த ஃபைலுக்குள்ளயே பதிஞ்சிடும்.

அடுத்து பிரிண்ட். ஆபத்து அதிகம் இங்க தான், ஆனா யாரும் இத யோசிக்கிறதே இல்ல. ஸ்கூல் ஆபிஸ்ல பிரிண்டர் ரிப்பேர்னா நாம என்ன பண்ணுவோம், பக்கத்துல இருக்குற ஜெராக்ஸ் கடைக்குப் போய் அவங்க வாட்ஸ்அப் நம்பருக்கு எல்லா போட்டோவையும் அனுப்பிட்டு "ஏ ஃபோர்ல ஒண்ணு ஒண்ணு போடுங்கண்ணா"ன்னு சொல்லிட்டு நிப்போம். அந்தக் கடைக் கம்ப்யூட்டர்ல அது எத்தன நாள் கெடக்கும்னு அந்த அண்ணனுக்கே தெரியாது, அவரு கெட்டவருன்னு இல்ல, தினம் நூறு ஃபைல் வர்ற இடத்துல யாரு உக்காந்து அழிப்பா. முடிஞ்ச வரைக்கும் ஸ்கூல் பிரிண்டர்லயே போடுங்க. கடைக்குத் தான் போகணும்னா பென்டிரைவ்ல கொண்டு போயி, அதுலருந்தே நேரா பிரிண்ட் கொடுக்கச் சொல்லுங்க, டெஸ்க்டாப்புல காப்பி பண்ணிப் போட்டாங்கன்னா பிரிண்ட் முடிஞ்சதும் உங்க கண்ணு முன்னாடியே டெலிட் பண்ணி ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணச் சொல்லிக் கேளுங்க, கேக்குறதுல வெக்கமே வேணாம்.

அடுத்து ஆப். "எதுக்கு டீச்சர் டிரேஸ் எல்லாம், போட்டோவ கொடுத்தா ஒரு செகன்ட்ல கார்ட்டூன் ஆக்கிக் கொடுக்குற ஆப் இருக்கே"ன்னு யாராவது கண்டிப்பா சொல்லுவாங்க. அந்த மாதிரி ஆப்ல நெறைய, போட்டோவ தங்களோட சர்வருக்கு அனுப்பி அங்க மாத்தித் தான் திருப்பித் தருது. உங்க ஆப் எப்படின்னு தெரிஞ்சிக்க ஒரு சின்ன சோதனை இருக்கு, ஏதாவது ஒரு பூந்தொட்டியோட படத்த எடுத்துக்கோங்க, போன ஏரோப்ளேன் மோடுல போட்டு, வைஃபையும் ஆஃப்ல இருக்கான்னு பாத்துட்டு, அந்த ஆப்ல கார்ட்டூன் ஆகுதான்னு பாருங்க. நெட் இல்லாம வேலை செய்யலன்னா படம் வெளிய போகுதுன்னு வச்சிக்கலாம். வேலை செஞ்சா மட்டும் பாதுகாப்புன்னு முடிவு பண்ணிடாதீங்க, நெட் வந்ததும் பின்னாடி அனுப்புற ஆப்பும் இருக்கலாம். நான் கையால டிரேஸ் பண்றதோட நிறுத்திக்கிறேன், அப்ப கடிதத்துல "எந்த ஆப்பிலும் ஏற்ற மாட்டோம்"னு தைரியமா எழுதலாம், பெற்றோர் முதல்ல தேடுறதும் அந்த வரியத் தான்.

"வீட்டுலருந்தே ஒரு போட்டோ அனுப்பி விடுங்க"ன்னு கேக்குறது சுலபமா தெரியும், ஆனா வேணாம். நீங்க தனி நம்பர் கொடுத்தாலும் பழக்கத்துல க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்புல தான் போடுவாங்க, குரூப்புல இருக்குற நெறைய பேரு போன்ல அது தானா டவுன்லோட் ஆகி கேலரிக்குள்ள போயிடும், நீங்க அப்புறம் குரூப்புலருந்து எடுத்தாலும் எல்லார் போன்லருந்தும் போயிடுச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது. அதோட கல்யாண வீட்டுல எடுத்த போட்டோ வரும், பக்கத்துல சித்தி பொண்ணு நிக்கும், அந்தப் பொண்ணு வீட்டுல நீங்க எங்க அனுமதி கேட்டீங்க?

சட்டம் என்ன சொல்லுது

இதுல கொஞ்சம் நின்னு போகணும், ஆனா பயப்படுற அளவுக்கு ஒண்ணும் இல்ல. 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. அதுல 18 வயசுக்குக் கீழ இருக்குற எல்லாருமே குழந்தை தான், அவங்க தகவல டிஜிட்டலா கையாளணும்னா பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ சம்மதம் கொடுத்திருக்கணும், அது உண்மையிலயே அவங்க கொடுத்தது தானான்னு சரிபாக்குற மாதிரி இருக்கணும். போன்ல எடுத்த போட்டோவும் அந்தத் தகவல்ல சேரும். இதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, சம்மதம் வாங்குற மாதிரி முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாசம் அவகாசம் கொடுத்திருக்காங்க. அது வரட்டும்னு காத்திருக்க வேணாம், இப்பவே அந்த மாதிரி எழுதப் பழகிட்டா நல்லது.

அந்தச் சட்டத்துல நம்ம கடிதத்துக்கு நேரா உதவுற விஷயம் மூணு தான். ஒண்ணு, எந்தத் தகவல எதுக்காக வாங்குறோம்னு குறிப்பா சொல்லணும், "பள்ளி நடவடிக்கைகளுக்காக"ன்னு மொத்தமா எழுதி வாங்குறது அதுக்குள்ள வராது. இன்னொண்ணு, இங்கிலீஷ்லயோ அரசியலமைப்போட எட்டாவது அட்டவணையில இருக்குற மொழியிலயோ படிக்கிற வாய்ப்பு கொடுக்கணும், தமிழ் அந்த அட்டவணையில இருக்கு, அதனால இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலா இருந்தாலும் தமிழ்ல ஒரு பக்கம் அடிச்சு அனுப்புங்க. மூணாவது, சம்மதத்தக் கொடுக்குறது எவ்வளவு சுலபமோ அதே அளவு சுலபமா திரும்ப வாங்கிக்கவும் முடியணும். ஒரு டிக் போட்டு கொடுத்தவங்கள, வேணாம்னு சொல்ல ஹெட்மாஸ்டர் ரூமுக்கு லீவு போட்டுட்டு வரச் சொல்லக் கூடாது.

இன்னொரு சட்டமும் ஞாபகத்துல இருக்கணும். சிறார் நீதிச் சட்டம் 2015-ல 74-ஆவது பிரிவு இருக்கு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுற குழந்தை, குற்றத்தால பாதிக்கப்பட்ட குழந்தை இவங்களோட பேரு, ஸ்கூலு, படம் எதையும் அடையாளம் தெரியுற மாதிரி வெளியிடக் கூடாதுன்னு சொல்லுது. உங்க க்ளாஸ்ல குழந்தைகள் இல்லத்துலருந்து வர்ற பிள்ளைங்க இருந்தா, அவங்க முகப்படம் ஸ்கூலோட ஃபேஸ்புக் பேஜுக்கோ ஆண்டு மலருக்கோ போகவே கூடாது, யாரு டிக் போட்டிருந்தாலும் சரி. அந்தப் பிள்ளைங்களுக்கு க்ளாஸ் வேலைக்கான அனுமதிய இல்லத்துக் கண்காணிப்பாளர்கிட்ட நேராப் போயி பேசி வாங்குங்க, பையில போட்டு அனுப்பாதீங்க.

மூணு கேள்வி, மூணு தனி கட்டம்

ஒரே கையெழுத்துல எல்லாத்துக்கும் சரின்னு வாங்குறது தான் பழைய பழக்கம். அத விடுங்க. க்ளாஸ்ல போட்டோ எடுத்து வரையுறது ஒரு விஷயம், வரைஞ்சத ஸ்கூல் வராந்தாவுல ஒட்டுறது இன்னொரு விஷயம், ஸ்கூலோட ஃபேஸ்புக் பேஜ்லயோ ஆண்டு மலர்லயோ போடுறது முழுசா வேற விஷயம். ஒருத்தங்க முதல் ரெண்டுக்கு சரின்னு சொல்லி மூணாவதுக்கு வேணாம்னு சொல்லலாம், அவங்களுக்கு அந்த இடம் கொடுக்கலன்னா என்ன ஆகும்னா, மூணாவதுக்குப் பயந்து மொத்தமா வேணாம்னு எழுதிடுவாங்க, பிள்ளை ஏங்கிப் போயிடும். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல "சம்மதம்", "வேண்டாம்"னு ரெண்டு கட்டமும் இருக்கணும். "ஆட்சேபனை இருந்தால் மட்டும் தெரிவிக்கவும்"னு எழுதுறது கூடவே கூடாது, பதில் வரலன்னா அது சம்மதம் இல்ல.

அப்புறம் கடிதத்தோட மேல் பாதி வீட்டுலயே இருக்கணும், கீழ் பாதிய மட்டும் வெட்டி அனுப்பணும். ஏன்னா எப்ப அழிப்பீங்க, யாருகிட்ட பேசணும்கிறது மேல் பாதியில தான் இருக்கு, மொத்தமா கையெழுத்து போட்டு திருப்பி வாங்கிட்டா அவங்க கையில ஒண்ணுமே இருக்காது.

நான் போன தடவை அனுப்புனது கிட்டத்தட்ட இது தான். ஒரு பக்கத்துக்கு மேல போகல.

> அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.
>
> ஐந்தாம் வகுப்பு ஓவியப் பாடத்தில், ஜூலை 6 முதல் 10 வரை, குழந்தைகள் தங்கள் முகத்தைக் கார்ட்டூன் போன்ற படமாகத் தாங்களே வரையப் போகிறார்கள். இதற்காக ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் வகுப்பு ஆசிரியர் ஜூலை 6 அன்று பள்ளியின் டேப்லெட்டில் புகைப்படம் எடுப்பார். எடுக்கும்போது அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிடுவோம்.
>
> புகைப்படத்தைப் பள்ளி அலுவலக பிரிண்டரில் அச்சிடுவோம். எந்த ஆப்பிலும் இணையதளத்திலும் ஏற்ற மாட்டோம். வாட்ஸ்அப் குழுவில் போட மாட்டோம். புகைப்படங்களை ஜூலை 13 அன்று டேப்லெட்டில் இருந்து முழுவதும் அழித்துவிடுவோம். அச்சிட்ட தாளும் வரைந்த படமும் உங்கள் குழந்தையிடமே கொடுக்கப்படும்.
>
> யாருடைய தோற்றத்தையும் பெரிதுபடுத்தியோ கேலி செய்தோ வரைய மாட்டோம். இதற்குக் கட்டணம் இல்லை. மதிப்பெண்ணும் இல்லை.
>
> புகைப்படம் வேண்டாம் என்றால், உங்கள் குழந்தை கண்ணாடி பார்த்து வரையலாம், அல்லது தனக்குப் பிடித்த வேறு முகத்தை வரையலாம். சம்மதம் என்று நீங்கள் எழுதியிருந்தாலும், அன்று குழந்தைக்கு விருப்பம் இல்லை என்றால் எடுக்க மாட்டோம்.
>
> பிறகு மனம் மாறினால், டைரியில் ஒரு வரி எழுதினாலோ வகுப்பு ஆசிரியருக்கு போன் செய்தாலோ போதும். ஒட்டிய படத்தை அன்றே எடுத்துவிடுவோம். ஆண்டு மலர் அச்சான பிறகு மட்டும் அதிலிருந்து எடுக்க முடியாது.
>
> கீழே உள்ளதை நிரப்பி, வெட்டி, ஜூலை 2-க்குள் கொடுத்து அனுப்பவும்.
>
> - - - - - - - - - - - - - - -
>
> மாணவர் பெயர்: ............ வகுப்பு, பிரிவு: ............
>
> 1. வகுப்பில் வரைவதற்காகப் புகைப்படம் எடுக்க: சம்மதம் ☐ வேண்டாம் ☐
> 2. வரைந்த படத்தைப் பள்ளி வராந்தாவில் பெயர் இல்லாமல் ஒட்ட: சம்மதம் ☐ வேண்டாம் ☐
> 3. வரைந்த படத்தைப் பள்ளி ஆண்டு மலரிலும் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்திலும் பெயர் இல்லாமல் வெளியிட: சம்மதம் ☐ வேண்டாம் ☐
>
> கையெழுத்து: ............ குழந்தைக்கு என்ன உறவு: ............ போன்: ............ தேதி: ............

இதுல மூணாவது கேள்வியில மலரையும் ஃபேஸ்புக்கையும் நான் ஒண்ணா போட்டது தப்புன்னு இப்ப தோணுது, மலருக்கு சரி, ஃபேஸ்புக்குக்கு வேணாம்னு பேனாவால எழுதி அனுப்புனவங்க இருந்தாங்க. நீங்க ரெண்டையும் பிரிச்சே போடுங்க. மேல வாட்ஸ்அப்னு எழுதியிருக்குறது புகைப்படத்தப் பத்தி, கீழ இருக்குறது வரைஞ்ச படத்தப் பத்தி, இந்த ரெண்டையும் கடிதம் முழுக்கக் குழப்பாம எழுதணும். "படம்"னு மட்டும் எழுதுனா எதச் சொல்றீங்கன்னு தெரியாது, போட்டோவத் தான் ஃபேஸ்புக்ல போடப் போறாங்கன்னு நெனச்சிடுவாங்க.

அடையாள அட்டைய கழட்டுறத ஏன் கடிதத்துலயே எழுதுறேன்னா, நம்ம ஊரு ஐடி கார்டுல பேரு, அப்பா பேரு, போன் நம்பர், ரத்த வகை, சில ஸ்கூல்ல பஸ் ரூட் வரைக்கும் இருக்கும், போட்டோவ பெருசாக்குனா எல்லாம் படிக்கலாம். அத நீங்க யோசிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சாலே பாதி பெற்றோர் நிம்மதியாயிடுவாங்க.

"குழந்தைக்கு என்ன உறவு"ங்கிற இடத்த விட்டுடாதீங்க. எங்க பக்கம் அப்பா அம்மா திருப்பூர்லயோ வெளிநாட்டுலயோ வேலைக்குப் போயிருப்பாங்க, பிள்ளை ஆச்சி தாத்தாகிட்ட வளரும். ஆச்சி கைநாட்டு வச்சு அனுப்புனா அத அப்படியே ஃபைல்ல போட்டுடாம, அட்மிஷன் ரெஜிஸ்டர்ல இருக்குற அப்பாவோ அம்மாவோ நம்பருக்குக் கூப்பிட்டு மூணு கேள்வியையும் வாசிச்சுக் கேட்டுட்டு, எந்தத் தேதியில யாருகிட்ட பேசினோம்னு அதே துண்டுல எழுதி வைங்க. அப்பாவும் அம்மாவும் பிரிஞ்சு கோர்ட்டுல கேஸ் நடக்குற வீடா இருந்தா மூணாவது கேள்விக்கு நீங்களா ஆம்னு எடுத்துக்காதீங்க, பிள்ளை எந்த ஸ்கூல்ல இருக்குன்னே ஒரு பக்கத்துக்குத் தெரியக் கூடாதுன்னு இருக்கலாம், ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டுட்டுச் செய்ங்க. படிக்கச் சிரமப்படுற பெற்றோருக்கு, சாயங்காலம் பிள்ளைய கூப்பிட வர்றப்போ ஸ்கூல் கேட் வாசல்லயே நின்னு வாசிச்சுக் காட்டுறது தான் சரியா வருது, பிள்ளையையே வாசிக்கச் சொன்னா அது "மூணுலயும் டிக் போடும்மா"ன்னு சொல்லிடும்.

துண்டுங்க திரும்பி வந்ததும்

போன தடவை என் க்ளாஸ்ல 34 பேரு. ஜூலை 2 சாயங்காலம் எண்ணிப் பாத்தா 29 துண்டு வந்திருந்துச்சு. வராத அஞ்சு பேருல நாலு பேரு வீட்டுக்கு போன் பண்ணுனேன், ரெண்டு பையில கசங்கிக் கெடந்துச்சாம், ரெண்டு பேருக்குப் பேப்பரே போய்ச் சேரல, புதுசா கொடுத்தனுப்புனேன், மறுநாள் வந்துடுச்சு. அஞ்சாவது வீட்டு நம்பர் சுவிட்ச் ஆஃப். கடைசில மூணுக்கும் சம்மதம் 24 பேரு, க்ளாஸும் வராந்தாவும் மட்டும் அஞ்சு பேரு, க்ளாஸ்ல மட்டும் ரெண்டு பேரு, வேணாம்னு ரெண்டு பேரு, பதிலே வராதது ஒண்ணு. பதில் வராத பிள்ளையையும் வேணாம்னு சொன்னவங்களோட தான் சேத்தேன்.

இத ஒரு தாள்ல ரோல் நம்பர் வாரியா மூணு காலம் போட்டு எழுதி வச்சிக்கோங்க. அந்தத் தாள் உங்க மேஜை டிராயர்ல இருக்கட்டும், க்ளாஸ் சுவத்துல ஒட்டாதீங்க. வரைஞ்ச படத்துக்குப் பின்னாடி பென்சில்ல ரோல் நம்பரும், எந்தெந்த கேள்விக்கு சம்மதமோ அந்த எண்ணும் எழுதிடுங்க, "17 - 1, 2"ங்கிற மாதிரி. மூணு மாசம் கழிச்சு மலர் வேலை பாக்குற இன்னொரு டீச்சர் வந்து கட்டா படத்த அள்ளிட்டுப் போவாங்க, அப்ப உங்க தாள் எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது, படத்துக்குப் பின்னாடியே இருந்தா தப்பு நடக்காது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். போட்டோ இல்லாத அந்த மூணு பிள்ளைங்க. அவங்கள தனியா ஒரு பெஞ்சுல உக்கார வச்சு "நீங்க வேற வரைங்க"ன்னு சொன்னீங்கன்னா, பக்கத்துப் பையன் "ஏன்டா உன்ன மட்டும் எடுக்கல?"ன்னு கேப்பான், அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட அழும், அந்த அம்மா அடுத்த தடவை மனசு இல்லாமலே சம்மதம்னு எழுதுவாங்க. அப்படி வாங்குனது சம்மதமே இல்ல. அதனால நான் போட்டோ எடுக்குற அன்னைக்கு எல்லாருக்குமே மூணு வழி சொல்லிடுவேன், போட்டோவ டிரேஸ் பண்ணலாம், கண்ணாடி பாத்து வரையலாம், வீட்டுல இருக்குற ஒருத்தர் முகத்த நெனச்சு வரையலாம். ஃபேன்ஸி ஸ்டோர்ல விக்கிற கைக் கண்ணாடி ஆறு வாங்கி வச்சிருக்கேன். சம்மதம் இருக்குற பசங்கள்லயே அஞ்சு பேரு கண்ணாடி தான் வேணும்னு ஓடி வந்தாங்க, போட்டோ இல்லாத ரெண்டு பேரும் அவங்களோட கலந்து உக்காந்தாங்க, மூணாவது பையன் வேற முகம் வரையுறேன்னு போயிட்டான். யாரு எதனால அங்க இருக்காங்கன்னு யாருக்கும் தெரியல.

போட்டோ எடுக்குறது பெரிய வித்தை இல்ல. ஜன்னலப் பாத்த மாதிரி நிக்க வச்சு, பின்னாடி வெறும் சுவர் இருக்குற மாதிரி, ரெண்டடி மூணடி தள்ளி நின்னு எடுங்க, தலைக்கு நேர் மேல டியூப்லைட் இருந்தா கண்ணுக்குக் கீழ நிழல் விழும், டிரேஸ் பண்றப்போ எது கோடு எது நிழல்னு பசங்களுக்குத் தெரியாது. ஒரு பிள்ளைக்கு ஒரு படம் போதும், சரியா வரலன்னா அத அங்கயே அழிச்சிட்டு இன்னொண்ணு எடுங்க. கலர் அடிக்கிறப்போ பசங்க "மிஸ், ஸ்கின் கலர் கொடுங்க"ன்னு அந்த வெளிறிப் போன பீச் கலரத் தான் கேப்பாங்க. மூணு நாலு பிரவுன் ஷேடும் டப்பாவுல எடுத்து வச்சிட்டு, கையோட சேத்துப் பாத்து எடுத்துக்கச் சொல்லுங்க. கேலி பண்ண மாட்டோம்னு எழுதிக் கொடுத்தது இதுக்கும் சேத்துத் தான்.

அழிக்கிற நாள்

கடிதத்துல ஒரு தேதி எழுதினீங்க இல்ல, அன்னைக்கு அத நெஜமாவே செய்யணும். கேலரியில செலக்ட் பண்ணி டெலிட் அடிச்சா அது அழியல, ட்ராஷ்ல போய் உக்காந்திருக்கும், கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆனதா இருந்தா 60 நாள் வரைக்கும் அங்கயே இருக்கும். ட்ராஷுக்குள்ள போய் அதையும் காலி பண்ணுங்க. பிரிண்ட் போட்ட கம்ப்யூட்டர், பென்டிரைவ், ஆபிஸ் மெயில்ல அனுப்பியிருந்தா சென்ட் ஐட்டம், எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துடுங்க. பிரிண்ட் சரியா வராத தாளு ரெண்டு மூணு இருக்கும், அத ரஃப் ஷீட்டுன்னு வேற க்ளாஸுக்குக் கொடுத்துடாதீங்க, கிழிச்சுப் போடுங்க. பக்கத்துல இன்னொரு டீச்சர வச்சிக்கிட்டு அழிச்சிட்டு, அந்தத் துண்டுக் கட்டு மேல தேதிய எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுறது என் பழக்கம்.

அன்னைக்கே டைரியில ஒரு வரி எழுதி விடுங்க: "முகப்படத்திற்காக எடுத்த புகைப்படங்கள் இன்று அழிக்கப்பட்டன." போன தடவை இத எழுதினதுக்கு அப்புறம், முதல்ல வேணாம்னு சொன்ன ரெண்டு வீட்டுல ஒரு வீட்டுலருந்து போன் வந்துச்சு, அவங்க பையன் வீட்டுல இருக்குற தாத்தாவத் தான் வரைஞ்சிருந்தான், காதுல முடி, கண்ணாடி, நெத்தியில பட்டை எல்லாம் வச்சு. அத வராந்தாவுல ஒட்ட முடியுமான்னு கேட்டாங்க. தாத்தாகிட்ட கேட்டீங்களான்னு நான் திருப்பிக் கேட்டேன், சிரிச்சிட்டு போன அவர்கிட்டயே கொடுத்தாங்க, அவரு சரின்னு சொன்னதுக்கப்புறம் ஒட்டுனேன்.